கம்பத்தில் கட்டிய 'காணவில்லை' நோட்டீஸ்: இதிலிருந்து ஒரு சிறுகதை

கீறல்நோட்டு

தெருவிளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அதை வைத்து 600 சொற்களுக்குள் ஒரு சிறுகதை எழுத ஆசை. போன் எண்களை மறைத்துவிட்டுத்தான் படத்தை இணைத்திருக்கிறேன். படம் திறக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஏ4 தாள், பிளாஸ்டிக் உறைக்குள். உறையின் ஓரங்களில் பழுப்பு டேப். மேலே பெரிய எழுத்தில் 'காணவில்லை'. நடுவில் ஒரு வெள்ளைப் பூனை சாய்ந்து படுத்திருக்கிறது, காமிராவைப் பார்க்கவில்லை. அதன் கீழே அச்சில்:

"படத்தில் உள்ள ஆண் பூனையைக் காணவில்லை. வயது 9. கூச்ச சுபாவம் உள்ளது. துரத்த வேண்டாம். பார்த்தவர்கள் அழைக்கவும். தக்க சன்மானம் வழங்கப்படும்."

அதற்கும் கீழே பேனாவில் "இரவு எந்நேரமும் அழைக்கலாம்" என்று ஒரு வரி, கூடவே ஓர் எண். அது அச்சில் உள்ள எண் இல்லை, வேறு. தாளின் அடியில் கிழித்துக்கொண்டு போவதற்காகக் கத்தரித்துத் தொங்கவிட்ட 8 துண்டுகள். அவற்றில் அச்சு எண் மட்டும்தான். நடுவிலிருந்து ஒன்றே ஒன்று கிழிக்கப்பட்டிருக்கிறது. தேதி எங்கும் இல்லை.

இப்படித் தொடங்கியிருக்கிறேன்:

"கதவு திறந்திருந்தது. நான் வெளியே வந்தேன். உலகம் இவ்வளவு பெரியது என்று அவர்கள் எனக்குச் சொன்னதே இல்லை. இப்போது ஒரு கம்பத்தில் என் முகம் தொங்குகிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது..."

இதற்கு மேல் நகரவில்லை. எங்கே முட்டுகிறது?

பூனைவால்

ஐயோ, எத்தனை நாளாச்சு காணாமல் போய்? வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைன்னா தூரம் போயிருக்காது. பெரும்பாலும் நாலஞ்சு வீடு தள்ளி, படிக்கட்டுக்கு அடியிலோ சாமான் குவியலுக்குப் பின்னாலயோ ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். வளர்த்தவங்களே கூப்பிட்டாலும் பயத்துல சத்தம் குடுக்காது. பகல்ல மட்டும் தேடினா போதாது. தெரு அடங்கினப்புறம் டார்ச்சை உங்க கண் மட்டத்துல பிடிச்சுத் தேடுங்க, கண்ணு பளிச்சுன்னு மின்னும்.

இன்னொண்ணு, நோட்டீஸ்ல எல்லா அடையாளத்தையும் எழுதிடாதீங்க. ஒண்ணை மறைச்சு வைக்கணும். "பூனை எங்ககிட்ட இருக்கு, முதல்ல பணம் அனுப்புங்க"ன்னு ஏமாத்த ஆள் கூப்பிடுவான். அப்ப அந்த அடையாளத்தைக் கேட்டா மாட்டிக்குவான்.

நம்பரை ஏன் மறைச்சீங்க? தெரியாம எப்படிக் கூப்பிடறது?

கீறல்நோட்டு

அக்கா, பூனை என்னுடையது இல்லை. நான் கதை எழுதுகிறேன்.

ராத்திரி வாசகன்

கிழிச்சுட்டுப் போன அந்த ஒரு துண்டுதான் கதை. யாரு கிழிச்சா, ஏன் கிழிச்சா, கூப்பிட்டானா இல்லையா. மத்ததெல்லாம் சும்மா அலங்காரம். அதுவும் ஓரத்துல இருக்கிறதைக் கிழிக்கலை, நடுவுல கிழிச்சிருக்கான். வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு.

திருத்துக்கோல்

பூனை பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தக் கதையில் பூனை பேசத் தொடங்கிய அந்த நொடியே நீங்கள் எடுத்த போட்டோ வீணாகிறது. காணாமல் போன பூனை எங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் ஒரு மனிதரைத் தாளோடும் டேப்போடும் கம்பம் வரைக்கும் நடக்க வைத்தது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பூனையே முதல் பத்தியில் சொல்லிவிட்டால் வாசகனுக்குக் கவலைப்பட என்ன மிச்சம் இருக்கிறது? இரண்டாவது பத்தியில் முட்டி நிற்பதற்குக் காரணம் அதுதான். மீதமிருப்பது பூனையின் புலம்பல் மட்டும்.

நோட்டீஸைத் தகவலாக வாசிக்காதீர்கள். ஒரு பாத்திரம் எழுதிக் கொடுத்த தாள் அது. அதை எழுதியவர் யார், எதை முக்கியம் என்று நினைத்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று பாருங்கள். 'தக்க சன்மானம் வழங்கப்படும்' என்று எழுதுகிற ஆளும், 'இரவு எந்நேரமும் அழைக்கலாம்' என்று பேனாவால் எழுதுகிற ஆளும் எனக்கு ஒரே ஆளாகத் தெரியவில்லை. முதலாமவர் அலுவலகக் கடிதம் எழுதுகிறார். அடுத்தவர் தூங்குவதில்லை. அவருடைய எண்ணும் வேறு. ஒரே தாளில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். உங்கள் கதைக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், பூனையைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

பழைய அச்சகம்

கதை எழுதத் தெரியாது, தாளைப் பற்றிச் சொல்றேன். அது வெள்ளைப் பூனை இல்லைன்னு நினைக்கிறேன். படத்தோட நிழல் எல்லாம் நீலம் பூத்துப்போயிருக்கு பாருங்க. கலர் பிரிண்ட் வெயில்ல நின்னா மஞ்சளும் மெஜந்தாவும் முதல்ல ஓடிடும். கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது சியானும் கறுப்பும்தான். கண்ணாடிக்குப் பின்னால ரொம்ப நாள் ஒட்டி வச்ச போஸ்டர்ல மனுஷங்க முகமெல்லாம் நீலமா போயிருக்கும், பார்த்திருப்பீங்க. மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தாத்தான் ஆரஞ்சு. ரெண்டும் போயிட்டா அந்த இடத்துல வெறும் தாள்தான் நிக்கும். அதனால இது செம்மஞ்சள் பூனையா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ராத்திரி வாசகன்

அப்படின்னா எழுத்து மட்டும் எப்படி இவ்வளவு கறுப்பா இருக்கு? எழுத்து நிக்குதுன்னா அது லேசர் பிரிண்ட். லேசர் டோனர் வெளுக்காது. அப்ப படமும் வெளுத்திருக்க முடியாது. பூனை வெள்ளைதான்.

பழைய அச்சகம்

டோனர் கறுப்பு நிக்கும்ங்கிறது சரி தம்பி. ஆனா கறுப்பு நிக்குறதெல்லாம் லேசர் இல்லை. நிறைய இங்க்ஜெட் பிரிண்டர்ல கறுப்புக்கு மட்டும் பிக்மென்ட் மை, கலர் மூணுக்கும் டை மை. பிக்மென்ட் வெயிலைத் தாங்கும். டை மை, சாதாரணத் தாளில், நேர் வெயிலில் சில வாரத்துலயே மங்க ஆரம்பிச்சிடும். அதனால ஒரே தாளில் எழுத்து புதுசு மாதிரியும் படம் கிழடு மாதிரியும் இருக்கும்.

கீறல்நோட்டு, ஒரு வேலை செய்யுங்க. படத்தோட வலது ஓரத்துல பழுப்பு டேப் போற இடத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க. பழுப்பு டேப் வெளிச்சத்தை விடாது. அதுக்கு அடியில இருந்த மை தப்பிச்சிருக்கும்.

கீறல்நோட்டு

பார்த்தேன். வால் நுனி டேப்புக்குப் பக்கத்தில் முடிகிறது. அங்கே விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது! அந்தப் பட்டைக்கு மேலே உறையில் பசைத் தடம் தெரிகிறது, தூசி ஒட்டி. டேப் அதற்குச் சற்று வெளியே தள்ளி ஒட்டியிருக்கிறது. மற்ற மூன்று ஓரங்களிலும் இந்தத் தடம் இல்லை.

பழைய அச்சகம்

அப்ப ஒரு தடவை உறையைப் பிரிச்சிருக்காங்க. முதல் டேப் வால் மேல இருந்திருக்கு. அதை உரிச்சு, தாளை வெளியே எடுத்து, பேனாவால எழுதி, மறுபடி உள்ளே விட்டு, புது டேப்பைத் தள்ளி ஒட்டியிருக்காங்க. அந்தப் பட்டை இன்னும் ஆரஞ்சா இருக்குன்னா, நீங்க போட்டோ எடுத்ததுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் இது நடந்திருக்கணும். பேனா வரியும் பளிச்சுன்னு இருக்கு. பால்பாயிண்ட் மையும் வெயில்ல வெளுக்கும், ஆனா சில ஜெல் பேனா வெளுக்காது. அதனால பேனாவை வச்சு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். டேப்பை வச்சுச் சொல்றேன்.

திருத்துக்கோல்

இதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. நோட்டீஸ் 'படத்தில் உள்ள பூனை' என்கிறது. நிறத்தை எழுத்தில் சொல்லவே இல்லை. எழுதியவர் படத்தை நம்பினார். படம் வெளுக்க வெளுக்க, இந்தத் தாள் வேறொரு பூனையைத் தேடத் தொடங்கிவிட்டது. ஆரஞ்சுப் பூனையைப் பார்த்தவன் இனி அழைக்க மாட்டான். வெள்ளைப் பூனையைப் பார்த்தவன் அழைப்பான், நேர்மையாக. கம்பத்தில் தொங்கும் ஒரு தாள் யாருக்கும் தெரியாமல் பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. 600 சொல் கதைக்கு இதற்கு மேல் ஒரு நிகழ்ச்சி வேண்டியதில்லை.

செல்லம்மாள் பேத்தி

எங்க வீட்டுக் கிளி பறந்துபோனப்ப நாங்களும் இப்படி ஒட்டினோம். அதனால ஒண்ணு சொல்லணும்னு தோணுது. கூப்பிடுறவங்க வகைவகையா வருவாங்க. சின்னப் பசங்க கூப்பிட்டுக் கிளி மாதிரி கத்திட்டு வச்சிடுவாங்க. ஒரு அம்மா தினமும் கூப்பிட்டு "கிடைச்சுதா"ன்னு கேப்பாங்க, அவ்வளவுதான், வேற பேச்சில்லை. முதல்ல ஒவ்வொரு மணிக்கும் ஓடிப்போய் எடுத்தோம். அப்புறம் யார் எடுக்கிறதுன்னு வீட்டுக்குள்ள பேசாமலேயே ஒரு தள்ளுமுள்ளு. கிளி கிடைச்சப்புறமும் கால் வந்துக்கிட்டே இருந்தது, ஏன்னா ஒட்டினதை எல்லாம் போய்க் கிழிக்க யாருக்கும் தோணலை.

உங்க பூனை ஏற்கெனவே வீட்டுல சுகமா தூங்கிட்டிருக்கலாம்.

திருத்துக்கோல்

'யார் எடுப்பது என்று பேசாமலேயே ஒரு தள்ளுமுள்ளு.' கீறல்நோட்டு, இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பூனைவால் அக்கா சொன்ன மறைத்து வைத்த அடையாளமும் கதைக்கு வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். இதை முடிவுக்கு எடுத்துவைத்து வாசகனைத் திடுக்கிட வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். முதல் பத்தியிலேயே அடையாளம் என்னவென்று வாசகனுக்குச் சொல்லிவிடுங்கள். பின்னால் யாரோ ஒருவர் பூனையிடம் அந்த அடையாளத்தைப் பார்த்துப் போனில் சொல்லும்போது, பாத்திரம் வாய் திறப்பதற்கு முன்பே வாசகனுக்கு விடை தெரிந்திருக்கும். அதன் பிறகு 'இது அந்தப் பூனையா' என்பது கேள்வியே இல்லை. 'தெரிந்தும் இவர் என்ன செய்வார்' என்பதுதான் கேள்வி.

ராத்திரி வாசகன்

துண்டை மறந்துடாதீங்க! அதை விட்டா நான் இழையை விட்டுப் போயிடுவேன்.

கீறல்நோட்டு

இரண்டாவது வரைவு. பூனை பேசவில்லை.

*கணினியில் எழுதியது மகன். 'தக்க சன்மானம் வழங்கப்படும்' என்று எழுதியதும் அவன்தான். அப்பா பின்னால் நின்று வாசித்தார். வலது பின்னங்காலில் ஒரு விரல் இல்லாததைப் போட வேண்டாமா என்று கேட்டார்.*

*"வேண்டாம். அது நம்ம கையில இருக்கட்டும். பொய்யா கூப்பிடறவங்களைக் கேக்கலாம்."*

*முதலில் அழைப்புகள் வந்தன. மகன் பால்கனிக்குப் போய்ப் பேசுவான். திரும்பி வரும்போது தலையை மட்டும் ஆட்டுவான். பிறகு குறைந்தது. அழைப்பு குறைந்ததா, அவன் எடுப்பது குறைந்ததா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.*

*ஒரு மாலை நடந்து போகும்போது கம்பத்தின் முன் நின்றார். அடியில் தொங்கிய துண்டுகளில் ஒன்று போயிருந்தது.*

*"யாராவது கூப்பிட்டாங்களா?"*

*"இல்லையே" என்றான் மகன், கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே.*

*மறுநாள் அப்பா டேப்பும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனார். உறையைப் பிரித்தார். தாளைக் கம்பத்தின் மேலேயே அழுத்திப் பிடித்துத் தன் எண்ணை எழுதினார். கம்பம் உருண்டை, இலக்கங்கள் கோணிக்கொண்டு வந்தன. எழுதி முடித்த பிறகுதான் படத்தைப் பார்த்தார். பூனை வெளுத்துப்போயிருந்தது. டேப் மூடியிருந்த வால் நுனி மட்டும் அதன் நிறத்தில் இருந்தது. வேறு படம் அடிக்க வேண்டுமென்றால் மகனிடம் கேட்க வேண்டும். கேட்டால் அவன், போதும்ப்பா என்பான். டேப்பைக் கொஞ்சம் தள்ளி ஒட்டினார், வால் நுனி தெரியும்படி.*

*போன் இரவு இரண்டு மணிக்கு மேல் அடித்தது.*

*"கம்பத்துல படம் பார்த்தேங்க. உங்க பூனை எங்க மாடிப்படிக்கு அடியில இருக்கு."*

*"என்ன நிறம்?"*

*"படத்துல இருக்கிற மாதிரியே. நல்ல வெள்ளை."*

*அப்பா எழுந்து உட்கார்ந்தார். அடுத்த அறையில் விளக்கு போட்டு அணைத்தார்கள்.*

*"பின்னங்கால் விரலைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன்" என்றார்.*

*போனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் யாரையோ அதட்டாமல் அதட்டுவது கேட்டது.*

*"நாலு இருக்குங்க. ரெண்டு கால்லயும் நாலு நாலு. எல்லாம் சரியா இருக்கு."*

*"சரி."*

*"கூட்டிட்டுப் போறீங்களா? மூணு நாளா இங்கேயேதான் இருக்கு. ராத்திரி பூரா கத்துது."*

*"அட்ரஸ் சொல்லுங்க" என்றார் அப்பா. இழந்தது திரும்பி வராது, வந்ததை அணைத்துக்கொள்வதே அன்பு என்று அவருக்கு அந்த இரவில் புரிந்தது.*

செல்லம்மாள் பேத்தி

"எல்லாம் சரியா இருக்கு"ன்னு அந்தப் பொண்ணு சொல்ற இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பாவம், நல்ல சேதின்னு நினைச்சு சொல்றா.

திருத்துக்கோல்

ஆம், இந்தக் கதையில் தானாக வந்த வரி அது. குறை இல்லாததே தவறான விடையாகிவிடுகிறது, அது சொல்பவளுக்குத் தெரியாது. அதை எங்கும் விளக்காமல் விட்டதற்கு நன்றி.

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். 'அட்ரஸ் சொல்லுங்க என்றார் அப்பா' என்பதோடு நிறுத்துங்கள். அவர் போகிறாரா, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாரா, தூக்கிக்கொண்டு வருகிறாரா என்பது அவர் பாடு. அவருக்கு 'புரிந்தது' என்று எழுதியதும் அவர் காலண்டர் தாள் ஆகிவிடுகிறார்.

இன்னொரு சின்ன இடம். வால் நுனி தெரியும்படி டேப்பைத் தள்ளி ஒட்டுகிறார். அந்தப் பத்தியை அப்படியே முடித்தது நல்லது. அடுத்த வரைவில் அங்கே ஒரு பெருமூச்சைச் சேர்க்கக் கை வரும். சேர்க்காதீர்கள்.

ராத்திரி வாசகன்

துண்டு வந்துடுச்சு, ஆனா யாரு கிழிச்சான்னு சொல்லவே இல்லையே. மகன் பொய் சொல்றானா, இல்ல கிழிச்சவன் கூப்பிடவே இல்லையா?

அப்புறம், "என்ன நிறம்"னு கேட்டு "வெள்ளை"ன்னு பதில் வந்தப்பவே அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. அப்புறம் எதுக்கு விரலை எண்ணச் சொல்றாரு? ரெண்டுல ஒண்ணு போதும். நிறத்தைத் தூக்குங்க.

பழைய அச்சகம்

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது, ஏன் புதுசா ஒரு பிரிண்ட் எடுக்கலைன்னு. மகன்கிட்ட கேக்கணும், கேட்டா போதும்ப்பா என்பான்னு எழுதினது எனக்குச் சரியாப்படுது. கோப்பு மகன்கிட்ட, பேனா அப்பாகிட்ட. ஆனா உறையைப் பிரிச்சு மறுபடி வைக்கும்போது வாய் கீழ்ப்பக்கம் இருக்கணும். மேல்பக்கம் வச்சா மழைத் தண்ணி உள்ளே இறங்கி கலர் மை கரைஞ்சு வழியும். உங்க போட்டோல வழியலை. அதனால வீட்டுல யாரோ விவரமா செஞ்சிருக்காங்க. அது அப்பாவா மகனான்னு நீங்கதான் சொல்லணும்.

திருத்துக்கோல்

ராத்திரி வாசகனுக்கு: துண்டு யாரிடம் என்று சொன்னால் மகன் குற்றவாளியோ நிரபராதியோ ஆகிவிடுவான். இப்போது அப்பாவுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரிகிறது. சந்தேகம் இருந்ததால்தான் அவர் பேனாவோடு போனார். அதைத் தீர்த்துவைத்தால் பேனா வரிக்கு வலு இல்லை.

நிறம் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. நிறம் தெரிந்த பிறகும் விரலை எண்ணச் சொல்கிறார் என்பதில்தான் அந்த மனிதர் இருக்கிறார். வெள்ளை என்று கேட்டவுடன் போனை வைக்காத ஆள் அவர்.

ராத்திரி வாசகன்

அது உங்களுக்கு. எனக்கு அது ஒரே பூட்டை ரெண்டு தடவை பூட்டுற மாதிரிதான் இருக்கு. துண்டு விஷயம் ஒத்துக்கறேன், நிறம் ஒத்துக்க மாட்டேன்.

செல்லம்மாள் பேத்தி

ஒரு சங்கடம். இதை அச்சில் போட்டா, நிஜமா அந்த நோட்டீஸை ஒட்டினவங்க படிச்சா? நம்ம வீட்டு விஷயத்தை எவனோ தெருவுல நின்னு மோப்பம் பிடிச்சான்னு இருக்காதா? எனக்குன்னா அப்படித்தான் இருக்கும்.

திருத்துக்கோல்

நியாயமான கேள்வி. போட்டோவைக் கதையோடு சேர்த்து வெளியிட வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணை மறைத்தாலும் கையெழுத்து கையெழுத்துதான், பார்த்தவருக்குத் தெரியும். நோட்டீஸின் வாசகத்தை அப்படியே எடுக்காமல் உங்கள் சொல்லில் எழுதுங்கள். வயதை மாற்றுங்கள். அப்பாவும் மகனும் உங்கள் கற்பனை, அதனால் அவர்கள் குடும்பத்தைப் பற்றி நீங்கள் எதையும் வெளியே சொல்லவில்லை. ஆனால் வெளுத்த படமும் பேனா எண்ணும் அவர்களுடையவை, அவற்றை மாற்றினால் கதை இல்லை. அங்கே எவ்வளவு உரிமை இருக்கிறது என்று எனக்கும் முடிவாகச் சொல்லத் தெரியவில்லை.

செல்லம்மாள் பேத்தி

வேற ஒண்ணும் வேண்டாம், அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா பேனாவால 'ஆரஞ்சு நிறம்'னு அந்தத் தாள்ல எழுதிட்டு வரச் சொல்லுங்க. கதையை விட அது அவங்களுக்கு உதவும்.

கீறல்நோட்டு

எழுதிவிட்டு வருகிறேன் அக்கா. உறை மேலேயே, மார்க்கரில்.

கதையில் செய்தவை: கடைசி வாக்கியம் போய்விட்டது. 'சன்மானம்' வரியை என் சொல்லில் மாற்றினேன். நிறக் கேள்வியை இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இரண்டு விதமாகவும் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தேன். நிறத்தை எடுத்தால் வேகம் கூடுகிறது, ஆனால் படம் வெளுத்த விஷயம் போனில் வந்து சேராமல் நின்றுவிடுகிறது. உறையைக் கீழ்வாயாக வைப்பது மகன். நோட்டீஸ் கட்டிய முதல் நாள், அப்பாவுக்கு அதைச் சொல்லியும் கொடுக்கிறான். அப்பா பிற்பாடு அதே போலச் செய்கிறார். மகன் ஒரேயடியாகக் கல்நெஞ்சுக்காரனாகத் தெரியாமல் இருக்க அது உதவுகிறது.

பூனைவால்

இப்பதான் முழுசா படிச்சேன். முதல்ல நான் நிஜப் பூனைன்னு நினைச்சுட்டேன், பரவாயில்லை, அடையாளம் பயன்பட்டிருக்கு. விரல் கணக்கு சரிதான். பூனைக்கு முன்னங்கால்ல அஞ்சு, பின்னங்கால்ல நாலு. ரெண்டு மூணு கூடுதலா பிறக்கிறதும் உண்டு, அது கிடக்கட்டும்.

ஆனா கதைல ஒண்ணு இடிக்குது. ராத்திரி பூரா கத்துது, முன்பின் தெரியாத பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்குக் காலைப் பிடிச்சு விரலை எண்ணுது, அது பேசாம காட்டுது. தெருப்பூனை அப்படிக் காட்டாது, கையைப் பிறாண்டிட்டு ஓடிடும். மனுஷங்க கை பழகின பூனை அது. யாரோ ஒருத்தர் வீட்டுப் பூனை. அப்ப அந்த வெள்ளைப் பூனையையும் யாரோ தேடிக்கிட்டு இருக்காங்க. உங்க அப்பா அதைத் தூக்கிட்டு வந்துட்டா அவங்க கதி?

திருத்துக்கோல்

அக்கா, இதை இவ்வளவு நேரம் நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

கீறல்நோட்டு, இப்போது 'அட்ரஸ் சொல்லுங்க' என்பது பழைய 'அட்ரஸ் சொல்லுங்க' இல்லை. அவர் எடுத்துக்கொள்ளப் போகிறாரா, அல்லது பூனை தொலைத்தவர் இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்து போகிறாரா? இத்தனை இரவு விழித்திருந்தவருக்கு அது தோன்றாமல் இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு வரி போதும், அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வியாக.

கீறல்நோட்டு

"அந்தப் பக்கம் வேற ஏதாவது நோட்டீஸ் ஒட்டியிருக்கா?" என்று கேட்கலாம். அவள் "கவனிக்கலைங்க" என்பாள். அதன் பிறகு "அட்ரஸ் சொல்லுங்க". எழுதிப் பார்த்தேன். அப்பா நல்லவராகிவிடுகிறார். எனக்கு அவர் அவ்வளவு நல்லவராக வேண்டுமா என்று தெரியவில்லை. அவர் போனை எடுத்தது தன் பூனைக்காக.

ராத்திரி வாசகன்

கேக்கட்டும். "கவனிக்கலைங்க"ன்னு அவ சொன்னதும் அவருக்கு ஒரு நிம்மதி வரட்டும். அப்ப நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. அந்த நிறக் கேள்வியையும் அப்ப எடுத்துடலாம், சொற்களும் மிச்சமாகும்.

கீறல்நோட்டு

நிம்மதி நன்றாக இருக்கிறது. நிறத்தை எடுக்க மாட்டேன். இப்போதும் 600 சொல்லுக்குள்தான் இருக்கிறது, இடம் போதும்.